அறுபத்தோரு படத்தில் ஆள் இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சேதம் எவ்வளவு என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர்கள் நாங்கள் நான்கு பேர். வெயிலில் அலைவது நாங்கள். அந்தப் படங்களையும் எங்கள் கோழிக் கிறுக்கலையும் வாங்கி, ஒழுங்கான அறிக்கையாக அடித்துக் கொடுப்பது அக்கா. பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னலோரம். ஒரு விபத்து நடந்த இடத்துக்குக்கூட அவர் போனதில்லை. ஆனால் படத்தைப் பார்த்தே வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, டிரைவர் பிரேக் அடித்தானா, பொய் சொல்கிறானா என்று சொல்லிவிடுவார். படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. இருந்தால் என்ன, உண்மை அதுதான்.

வாய் மட்டும் கொஞ்சநஞ்சமல்ல. படங்களை வாட்ஸப்பில் அனுப்பினால் கிழித்துவிடுவார். "அது படத்தைப் பிழிஞ்சு சக்கையைத்தான்டி அனுப்புது. எடுத்த தேதியும் நேரமும் போயிடுது. எனக்கு ஒரிஜினல் வேணும்" என்பார். கேபிளும் ஆகாது. நாலு போனுக்கு நாலு விதமான ஓட்டை, எந்தக் கேபிளும் ஆறு மாதம் தாங்கியதில்லை. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்து எங்கள் எல்லோரையும் அதில் பழக்கிவிட்டார்.

வழி சுலபமானதுதான். போனில் ஒரு சின்ன ஆப். அதைத் திறந்து ஒரு பட்டனைத் தட்டினால், போன் தன் படக் கோப்புகளை அலுவலக வைஃபைக்குள் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முகவரியைக் காட்டும். வெறும் எண்கள்தான், நடுநடுவே புள்ளி. அதை அக்கா தன் லேப்டாப் பிரவுசரில் அடித்தால், போனில் இருக்கும் படங்கள் வரிசையாகத் திரையில் வந்து நிற்கும். வேண்டியதை அழுத்தினால் லேப்டாப்புக்குள் இறங்கிவிடும். இன்டர்நெட் தேவையே இல்லை. இரண்டும் ஒரே ரௌட்டரில் இருந்தால் போதும். புதிதாக வந்த சர்வேயர் ஒருவன் "நெட் இல்லையே அக்கா, எப்படி அனுப்புறது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். "வைஃபை வேற, நெட் வேற. பக்கத்து ரூமுக்குப் போறதுக்கு யாராவது பஸ் ஸ்டாண்டு போவாங்களா?" என்றார் அக்கா.

எங்கள் நால்வரின் முகவரியும் முன்பாதி ஒன்றுதான். கடைசி எண் மட்டும் வேறு. அதனால் அக்கா அந்தக் கடைசி எண்ணை மட்டும் மஞ்சள் சீட்டில் எழுதி லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தார். எனக்கு ஐந்து. இன்னொரு சர்வேயரை நாங்கள் தாடி என்றே கூப்பிடுவோம், அவனுக்கு ஏழு. பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. போட்டால் நேரம் வீணாகிறதாம். தாடி ஒரு படி மேலே போய், வைஃபை கிடைத்தவுடன் ஆப் தானே திறந்துகொள்ளும்படி வைத்திருந்தான். "போட்டியா, போட்டியா" என்று அக்கா கத்துவதைக் கேட்க அவனுக்குப் பொறுமையில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. படத்தில் வண்டிதான் வர வேண்டும், ஆள் வரக்கூடாது. அடிபட்டவர், அழுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் யாரும் கூடாது. ஒருமுறை தாடி எடுத்த படத்தின் மூலையில் ஒரு பெண் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அக்கா அவனை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகள் இன்னும் அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும். "அவங்க வீட்டு ஆளுங்க இதைப் பார்த்தா என்னடா ஆகும்? உன் அம்மா அப்படி உக்காந்திருந்தா நீ போட்டோ எடுப்பியா?" அதற்கப்புறம் தாடி ஒரு நிழலைக்கூடப் படத்துக்குள் விட்டதில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். வருவது சரியாக ஒன்பது பத்து. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஒன்பதுபத்து. அவரிடமே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம், சிரிப்பார். அதிகம் பேசமாட்டார். இத்தனை பேசுகிறவருக்கு அப்படி ஒருத்தர்தானே அமைய வேண்டும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். பிள்ளைகள் இல்லை. அக்கா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குறைதான் சொல்வார். சட்டைப் பையில் ஸ்குரூ வைத்துத் துவைக்கப் போடுகிறார், காலையில் சாப்பிடாமல் ஓடுகிறார், ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் விடுகிறார். வேறு ஆளைப் பற்றி அக்கா இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் மின்சாரம் போய்விட்டது. பதினொன்றரைக்குத்தான் வந்தது. தெருவில் பள்ளம் தோண்டியதில் நெட் கேபிளும் அறுந்திருந்தது. நெட் கம்பெனிக்காரன் சாயங்காலம் வருகிறேன் என்றானாம். அவன் சாயங்காலம் எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. எங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் படங்கள் நகரும்.

நான் பன்னிரண்டு மணி தாண்டித்தான் வந்தேன். பம்பர் நசுங்கிய ஒரு காரை நாற்பது படம் எடுத்திருந்தேன். வந்து அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆப்பைத் தட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் கதவைச் சாத்துவதே அபூர்வம். யாரையோ திட்டுகிறார்போல என்று நினைத்தேன்.

அக்கா சீட்டைப் பார்த்து ஐந்தாம் எண்ணை அடித்தார்.

"என்னடி இது, கார்னு சொன்னே, லாரி வருது?"

எட்டிப் பார்த்தேன். திரையில் வரிசையாக ஒரு லாரியின் முகம். என்னுடையது இல்லை.

"எனக்கு லாரியே கிடையாதுக்கா இன்னைக்கு."

"அப்ப கரண்ட் போய் வந்ததுல நம்பர் மாறிடுச்சு. இந்தக் கிழட்டு ரௌட்டர் தூங்கி எழுந்தா முந்தின நாள் யாருக்கு எதைக் கொடுத்தோம்னு மறந்துடுது. முதல்ல வந்தவனுக்கு உன் நம்பரைத் தூக்கிக் கொடுத்திருக்கு." என் போனைப் பார்த்தேன். ஆமாம், அது இப்போது எட்டு என்று காட்டியது. "இது தாடியோட லாரி. அவனுக்குத்தானே இன்னைக்குப் புறவழிச் சாலையில ஸ்பாட் சர்வே. வந்துட்டானா? வந்தவன் சொல்ல மாட்டானா?"

லாரி மாதிரிப் பெரிய வண்டி மோதினால், அதை நகர்த்துவதற்கு முன்னால் நாங்கள் அந்த இடத்துக்கே போய்ப் படம் எடுக்க வேண்டும். அதுதான் ஸ்பாட் சர்வே. தாடி போனது அதற்குத்தான். தாடி எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். அவன் பை அவன் மேஜையில் இருந்தது. ஆள் மேனேஜர் அறைக்குள் இருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

"என்னோடதைப் போடுங்கக்கா, எட்டு" என்றேன்.

"இரு. எப்படியும் இதையும் நான்தானே அடிக்கணும்." அக்கா படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். லாரியின் முன் கண்ணாடி. பம்பர். நம்பர் பலகை. சாலையில் டயர் தடம். "பிரேக் அடிச்சிருக்கான். பன்னெண்டு, பதிமூணு அடி இருக்கும். லேட்டா அடிச்சிருக்கான், பாவி." அடுத்தது. பம்பருக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் பாதி நுழைந்து கிடந்தது. "டூவீலரா. ஐயோ பாவம்." அடுத்தது. ஸ்கூட்டரின் பின்பக்கம், நம்பர் பலகை முழுசாகத் தெரியும்படி.

அக்கா அந்தப் படத்தை மூடவில்லை. பெரிதாக்கவும் இல்லை. மவுஸின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது. நம்பரை நானும் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் நம்பர்களைப் பார்க்கிற எனக்கு அது தெரிந்த நம்பர் என்று உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பின் மட்கார்டில் ஒட்டியிருந்த லிப்ட் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்ததும் உறைத்துவிட்டது.

"இது அவர் வண்டி" என்றார் அக்கா. சாதாரணமாகச் சொன்னார். குடை யாருடையது என்று கேட்டால் பதில் சொல்வதுபோல.

போனை எடுத்து அவருக்குப் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் மணி. மூன்றாவது முறை போனைக் காதில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அடுத்த படத்தைத் திறந்தார். அடுத்தது. அடுத்தது. எனக்கு அவர் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றியது. பிடிக்கவில்லை.

"ஆள் எங்கடி?" என்றார். "ஆளே இல்லையே."

அறுபத்தோரு படம். ஒன்றில்கூட ஆள் இல்லை. ஒரு கை இல்லை, கால் இல்லை, ஆம்புலன்ஸ்கூட இல்லை. தாடி அத்தனை சுத்தமாக எடுத்திருந்தான். இந்தச் சட்டத்தை அவனுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவர், இப்போது ஒரு சட்டை நுனியாவது தெரியாதா என்று படத்தின் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஆள் கிடைக்காததால் அக்கா வண்டியைப் படிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதானே. "ஹெல்மெட் பாரு. தரையில நிமிர்த்தி வச்சிருக்கு. விழுந்திருந்தா உருண்டிருக்கும். யாரோ கழட்டி வச்சிருக்காங்க. வார் அறுபடலை. தலையை விட்டுப் பறக்கவும் இல்லை, அப்ப பூட்டியிருக்கார். உடையவும் இல்லை. தலையில அடி இல்லைடி. சீட்டு கிழியலை. பின் சக்கரம் நல்லா இருக்கு." ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். அடுத்த படத்தில் ஹேண்டில் பார் வந்தது. வலது முனை உள்பக்கமாக மடிந்து, கைப்பிடி ரப்பர் கழன்று, இரும்புக் குழாயின் வாய் வெளியே தெரிந்தது. மடிந்த கோணம் ஓட்டுகிறவர் வயிற்றைப் பார்த்து இருந்தது.

அப்படி மடிந்த ஹேண்டிலை நான் இதற்கு முன் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றிலும் ஓட்டியவருக்கு வயிற்றுக்குள்தான் அடி. மூன்று அறிக்கையையும் அடித்தது அக்காதான். அந்தப் படத்தில் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டென்று அடுத்ததற்குப் போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. நான் கோழை.

கடைசிவரை போய்விட்டு மறுபடி பட்டியலுக்கு வந்தார். தாடியின் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண் போடும். அக்காவின் விரல் திரையில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"முப்பத்தாறுக்கு அப்புறம் முப்பத்தொன்பது. நடுவுல ரெண்டு எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துபோய் மேனேஜர் அறைக் கதவை உள்ளங்கையால் தட்டினார். இரண்டே தட்டு. தாடிதான் திறந்தான். உள்ளே மேனேஜர் லேண்ட்லைனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தாடி வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான்.

"அக்கா, நான் இப்பத்தான் உங்ககிட்ட வர..."

"படம் பார்த்துட்டேன்."

அவன் புரியாமல் லேப்டாப்பைப் பார்த்தான். பிறகு தன் சட்டைப் பையைத் தொட்டான். போன் அங்கேதான் இருந்தது. பையில் கிடந்தபடியே எல்லாவற்றையும் அக்காவிடம் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கார்?"

"பெரியாஸ்பத்திரியில. நான்தான்க்கா ஆம்புலன்ஸ்ல ஏத்தி விட்டேன். நான் போகும்போது ரோட்டோரம் உக்காந்திருந்தார். என்கிட்ட நல்லாப் பேசினார். கை வலிக்குதுன்னார். அக்காவுக்கு போன் பண்றேன்னு சொன்னேன், வேண்டாம் தம்பி, அவ வேலையை விட்டுட்டு ஓடி வருவா, எக்ஸ்ரே எடுத்துட்டு நானே சாயந்திரம் சொல்லிக்கிறேன்னார். என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கினார்க்கா."

"உக்காந்திருந்தாரா?"

"உக்காந்துதான் இருந்தார்."

"அந்த ரெண்டு படத்துல யாரு?"

தாடி தலையைக் குனிந்துகொண்டான். "வண்டியைச் சுத்தி எடுக்கும்போது பின்னாடி அவர் வந்துட்டார். ஆள் வந்துடுச்சேன்னு அழிச்சிட்டேன்."

"குப்பையில இருக்கும். எடு."

அவன் போனை எடுத்தான். இரண்டு முறை தப்பாகத் தட்டினான். போனில் அழித்த படம் உடனே ஒழிந்துவிடுவதில்லை, குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கும். அங்கிருந்து இரண்டையும் மீட்டான். மீட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்தார். பட்டியல் ஒரு கணம் மறைந்து திரும்பி வந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டைத் திறந்தார்.

முன்னால் ஸ்கூட்டரின் பக்கவாட்டு. அதற்குப் பின்னால், சாலையோரத்துக் கல்லில் ஒன்பதுபத்து உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. ஒரு கையில் தண்ணீர் பாட்டில். கேமராவைப் பார்த்து, இதைப் போய் எடுக்கிறாயே என்பதுபோல் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார்.

அக்கா மூச்சை விட்டார். எத்தனை நேரமாகப் பிடித்து வைத்திருந்தாரோ, அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "உக்காந்திருக்கார்" என்றார். "பாருடி, சிரிக்கிறார். வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கார் பாரு, காலைல ஒரு வாய் சாப்பிடாம ஓடினார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தை அழுத்தி லேப்டாப்புக்குள் இறக்கினார். கீழே பச்சைக் கோடு ஓடி முடிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன். உன் காரை நாளைக்கு அடிச்சுத் தர்றேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பையைத் தேடினார்.

நான் தாடியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லாப் பேசினவரைப் பற்றிச் சொல்ல எதற்கு மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்? அதை நான் அப்போதுதான் யோசித்தேன். பிறகு தெரிந்தது, ஆம்புலன்ஸ்காரரிடம் தாடி தன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறான். அவன் அலுவலகம் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, உள்ளுக்குள் ரத்தம் போகிறது, ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போகிறோம், வீட்டு ஆளைக் கூட்டிவா என்றிருக்கிறார்கள்.

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். கார் சாவி கையில் இருந்தது. அறுபது வயது மனிதர், எதற்கும் அசையாதவர், கதவின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

"நம்ம கார்ல போலாம்மா."

"எதுக்கு சார் கார்? நான் பஸ்ல போயிக்கிறேன். எக்ஸ்ரேதான் எடுத்துட்டிருப்பாங்க."

"இல்லம்மா." கைப்பிடியை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். "இப்பத்தான் போன்ல சொன்னாங்க. தியேட்டர்லயே போயிட்டார்மா."

அக்காவுக்குக் கோபம் வந்தது. எங்களைத் திட்டும்போது வருகிற அதே கோபம்தான், வேறு ஒன்றும் இல்லை. பையைக் கீழே வைத்தார். லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, மேனேஜர் பக்கமாகத் திருப்பினார்.

"என்ன சார் பேசறீங்க நீங்க. உக்காந்திருக்கார் பாருங்க."